டிரைவர் அங்கிளுக்கு, எங்கள் வகுப்பிலிருந்து

இறங்கியதும் பஸ்ஸை ஒட்டி ஓடக்கூடாது, முன்பக்கமாக நாலைந்து எட்டு தள்ளிப் போய் நின்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், நீங்கள் கையைக் காட்டிய பிறகுதான் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! முதலில் எங்களுக்கு எரிச்சல்தான். ஒருநாள் நிறுத்தி வைத்த பஸ்ஸில் உங்கள் சீட்டில் எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தீர்களே, அப்போதுதான் புரிந்தது: பம்பரை ஒட்டி நிற்கிற குட்டிப் பையன் அங்கிருந்து தெரியவே மாட்டான்.

தண்ணீர் பாட்டில் சக்கரத்துக்குப் பக்கத்தில் உருண்டாலும் குனிந்து எடுக்கக்கூடாது, உங்களிடம்தான் சொல்ல வேண்டும். அதுவும் இதனால்தான்.

அப்புறம், எல்லோரும் இறங்கியபின் கடைசி சீட் வரை நடந்து, குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்ப்பீர்கள். அப்படித்தான் தூங்கிப்போன எங்கள் வகுப்புக்காரன் ஒருவன் (பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வான்) உங்களிடம் மாட்டினான். திட்டாமல் எழுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வரை வந்து விட்டீர்கள்.

ரொம்ப நன்றி அங்கிள். புது டிரைவரிடம் கடைசி சீட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள், அவன் இன்னும் தூங்குகிறான்.