பொதியை மறித்தால் காரணத்தை முதல் மெசேஜிலேயே எழுதுங்கள்

வெளிநாட்டுப் பொதிகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, சுங்கத்தில் எங்கள் சார்பில் ஆவணம் கொடுக்கும் கூரியர் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அம்மாவுக்கு அனுப்பிய சப்பாத்தும் இரண்டு சுவெட்டரும் உங்கள் களஞ்சியத்தில் கிடக்கிற கதை உங்களுக்குத் தெரியும். "பெறுநரின் அடையாள ஆவணமும் கொள்வனவு இன்வொய்ஸும் தேவை" என்று ஒரு வரி மெசேஜ் அனுப்பினீர்கள். கேட்டதில் பிழையில்லை. ஆள் யார், பொருளின் விலை என்ன என்று தெரியாமல் சுங்கம் பொதியை விடாது, வரியும் போடாது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

அம்மாவின் அடையாள அட்டையை அனுப்பினோம், "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பிவிட்டீர்கள். அம்மாவின் அட்டை பழைய லேமினேட் அட்டை, பெயர் தமிழிலும் சிங்களத்திலும் கையால் எழுதியது, அதில் ஆங்கிலமே இல்லை. அதிலும் முன்னால் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். அக்கா பொதியில் ஆங்கிலத்தில் எழுதியதோ எங்கள் அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, ஊரில் எல்லோரும் அம்மாவை அழைக்கிற பெயர். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டின பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இரண்டு பெயர் இருக்கும். இது உங்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதியோ, இருவரும் ஒருவரே என்று கிராம சேவகர் தரும் கடிதமோ போதுமா என்று முதல் மெசேஜிலேயே எழுதியிருந்தால், முழங்கால் வருத்தத்தோடு அம்மாவை அலைய வைத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது இன்வொய்ஸ். அது அக்காவின் பெயரில் இருக்கிறது, அம்மாவின் பெயரில் இல்லை என்றீர்கள். அன்பளிப்புக்குப் பில் வாங்கினவரின் பெயரில்தானே இருக்கும்! அப்புறம் தொகை பொருந்தவில்லை என்றீர்கள். அக்கா பொதியில் எழுதிய பெறுமதி 150 கனடா டொலர், பில்லின் அடியில் இருப்பது 169.50. அந்த 19.50 ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரி, பில்லிலேயே தனி வரியில் இருக்கிறது. ஒருவர் பில்லை முழுதாக வாசித்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற நாட்களுக்கும் களஞ்சியக் கட்டணம் எங்கள் தலையில் ஏறுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் நாங்களாகவே யோசித்து ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்பினோம். மேலே பொதி இலக்கம், கீழே ஒரு சிறு கடிதம்: அனுப்பினவர் மகள், பெறுபவர் தாய், விற்பனைக்கு அல்ல, இன்ன பொருள் இத்தனை, ஒவ்வொன்றின் விலை இது, தொகை வித்தியாசம் வரியால் வந்தது. அதோடு அட்டையின் இரு பக்கப் பிரதி, விவாகச் சான்றிதழ், கடை பில், அக்கா கார்டில் காசு கட்டிய பதிவு. அந்தப் பதிவில் மற்றச் செலவு விவரங்களை மறைத்துவிட்டோம். அட்டைப் பிரதியின் குறுக்கே "இந்தப் பொதிக்கு மட்டும்" என்று இலக்கத்தையும் எழுதினோம், ஏனென்றால் அந்தப் பிரதி யார் யார் கைக்குப் போகும் என்று நீங்கள் சொல்லவில்லை. இதே மாதிரி மறிபட்டு நிற்கிறவர்களும் இப்படி ஒன்றாக அனுப்பிப் பாருங்கள். பில் தொலைந்திருந்தால் கடையிலிருந்து வந்த ஓடர் மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். அன்பளிப்புத்தானே என்று பெறுமதியைப் பூச்சியம் என்றோ ஒரு டொலர் என்றோ மட்டும் எழுத வேண்டாம், அன்பளிப்புக்கும் விலை உண்டு, நம்ப முடியாத விலைதான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மெசேஜில் ஒரு லிங்க் இருந்தது, பொதி இலக்கம் இல்லை. அட்டையையும் காசையும் கேட்டுக் கள்ள மெசேஜ் வருகிற காலத்தில் இதை எப்படி நம்புவது? லிங்கைத் தொடாமல், அக்காவின் ரசீதில் இருந்த இலக்கத்தை உங்கள் இணையத்தளத்தில் நாங்களே அடித்துப் பார்த்த பிறகுதான் உண்மை என்று தெரிந்தது. எல்லோருக்கும் வெளிநாட்டில் அக்காவும் இல்லை, கையில் ரசீதும் இல்லை. மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருந்து கொமியூனிகேசனுக்கு வந்து, காசு கொடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்புகிறவருக்கு ஒவ்வொரு "பொருந்தவில்லை"யும் ஒரு நாள் கூலி.

சுங்கச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை, வரியைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. மறித்தால் காரணத்தை முதல் மெசேஜிலேயே எழுதுங்கள். பொதி இலக்கம், என்ன ஆவணம், பெயர் வேறாக இருந்தால் என்ன தரலாம், அன்பளிப்பென்றால் யாருடைய பில் செல்லும், எந்தத் திகதியிலிருந்து களஞ்சியக் கட்டணம் என்று தமிழில் எழுதுங்கள். நாங்கள் எல்லாம் அனுப்பிய பிறகும் உங்கள் பக்கம் தாமதமானால் அந்த நாட்களின் கட்டணத்தை எங்களிடம் கேட்காதீர்கள்.

அம்மாவின் பொதிக்கான ஆவணங்கள் உங்களிடம் முழுதாக இருக்கின்றன. இன்னும் ஏதாவது குறை இருந்தால் அதையும் ஒரே தடவையில் எழுதி அனுப்பும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு மகன்