தூக்கணாங்குருவி இங்கிலீஷ் பேசின கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்கும் இங்கே தாம்பரத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பால்காரன் மட்டும் கட்டுக்குள் இல்லை.

"காலையில் ஐந்தரைக்கு உன் போன் ஏன் எப்போதும் பிஸியாக இருக்கிறது" என்று கேட்டிருந்தாய். அந்த நேரத்தில் நான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏலே. நியூஜெர்சியில் இருக்கும் பேத்திக்கு ராத்திரி எட்டு மணி தூங்கப் போகிற நேரம். இங்கே அது விடிகாலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் ஆறரை ஆகிவிடும், எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் லாபம்.

போன வருஷம் அவளுக்கென்று ஒரு கதை எழுதினேன். நம் குளத்தங்கரைப் பனையில் தொங்குமே தூக்கணாங்குருவிக் கூடு, அதுதான் கதை. குருவி மின்மினியைப் பிடித்துக் கூட்டுச் சுவரில் ஈரமண்ணில் ஒட்டி விளக்கு வைத்துக்கொள்ளும் என்று என் பாட்டி சொல்வாள். கூட்டுக்குள் மண் உருண்டை இருப்பது நிஜம், நாமே விழுந்த கூட்டைப் பிய்த்துப் பார்த்திருக்கிறோம். மின்மினி இருந்ததாக ஞாபகம் இல்லை. இருந்தாலும் கதைக்கு அது போதும் என்று அப்படியே எழுதி, ஒரு நாள் தமிழில் வாசித்தேன்.

பாதி புரிந்தது. அம்மா அப்பா தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். "சாப்பிடு", "வா", "தூங்கு" எல்லாம் தெரியும். "பனையோலை", "தொத்திக்கொண்டு" எல்லாம் தெரியவில்லை. "இன் இங்கிலீஷ், தாத்தா" என்றாள். சரி, இதில் என்ன இருக்கிறது, முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் இங்கிலீஷில் கடிதம் எழுதினவன்தானே என்று உட்கார்ந்தேன்.

ஆபீஸ் இங்கிலீஷ் குருவிக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரிக்கு வரி மாற்றினேன். "குளமாம்", "மரமாம்", "இருந்ததாம்" என்று நம் கதையில் ஒவ்வொரு வாக்கியமும் "ஆம்" போட்டு முடியும் அல்லவா? நமக்கு அது பழகின தாளம். நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன் என்று அதற்கு அர்த்தம் என்பதையே நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நான் அதை விடாமல் "தேர் வாஸ் எ பாண்ட், இட் சீம்ஸ். தேர் வாஸ் எ ட்ரீ, இட் சீம்ஸ்" என்று போய்க்கொண்டே இருந்தேன். மூன்றாவது வரியில் பேத்தி நிறுத்தினாள். "தாத்தா, ஆர் யூ நாட் ஷ்யூர்?" அந்தப் பக்கம் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

அப்புறம் பனைமரம். "பாம் ட்ரீ" என்றேன். உள்ளங்கைக்கும் "பாம்" என்றுதான் பெயர், பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் கையை மையில் தோய்த்து அச்சுப் பதித்திருக்கிறார்கள். கை மரத்தில் விரல் எங்கே என்று கேட்டாள். அது தீர்ந்து கதை நகர்ந்தால், குருவி மின்மினியை மண்ணில் ஒட்டுகிற இடம் வந்தது. நீ நினைப்பதுபோல இல்லை, மின்மினி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜூன் ஜூலையில் அவர்கள் வீட்டுப் புல்தரையில் சாயங்காலம் நிறைய வரும், பிடித்துப் பாட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்களாம். "டஸ் இட் ஹர்ட்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஹவ் டஸ் இட் கெட் ஔட்?" தூக்கம் போயே போச்சு. அன்றைக்கு அவள் தூங்க ஒன்பதரை ஆகிவிட்டது என்று மகள் எனக்கு இரண்டு நாள் கதைக்குத் தடை போட்டாள்.

அந்த இரண்டு நாளில் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம் பாட்டி சொன்னபோது நமக்குத் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்தால் நியாயமான கேள்வி. உயிரோடு மண்ணில் புதைத்துவிட்டு, "கண்ணே தூங்கு" என்றால் எப்படி? ஆகவே இங்கிலீஷை விட்டுவிட்டு முதலில் தமிழையே திருத்தினேன். இப்போது இருக்கிற கதை இது.

"ஒரே ஒரு ஊரில் ஒரு குளமாம். குளத்தங்கரையில் ஒரு பனைமரமாம். பனையோலை நுனியில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிக்கொண்டு இருந்ததாம். கூட்டுக்குள்ளே அம்மாக் குருவியும் மூணு குஞ்சுகளும். ஒருநாள் ராத்திரி நிலாவே இல்லை. 'அம்மா, பயமா இருக்கு' என்றதாம் கடைக்குட்டி. 'கண்ணை மூடிக்கோ' என்றதாம் அம்மா. 'மூடினா இன்னும் இருட்டா இருக்கே' என்றதாம் குட்டி. அப்போது பார்த்து மழை சடசடவென்று பிடித்துக்கொண்டதாம். நனைந்துபோன ஒரு மின்மினி, கூட்டு வாசலில் வந்து தொத்திக்கொண்டு, 'மழை விடுகிற வரைக்கும் இருந்துக்கட்டுமா?' என்று கேட்டதாம். 'உள்ளே வா' என்றதாம் அம்மா. மின்மினி சுவரில் உட்கார்ந்து மினுக்... மினுக்... என்று மின்னியதாம். குட்டி எண்ணிக்கொண்டே இருந்ததாம். ஒண்ணு... ரெண்டு... மூணு... ஏழு வருவதற்குள் தூங்கிப் போச்சாம். விடிந்ததும் மழை விட்டுப் போச்சாம். மின்மினி யாரையும் எழுப்பாமல், 'போயிட்டு வாரேன்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பறந்து போச்சாம்."

குருவி மின்மினியைத் தின்றுவிடாதா என்று நீ கேட்பாய். தின்னும். இந்தக் கதையில் தின்னாது. கூட்டைக் கட்டினது அப்பாக் குருவி, பாதி கட்டினதும் பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும், குடி வைத்துவிட்டு அடுத்த கூட்டுக்கு வேறு பெண் தேடிப் போய்விடும் என்பதையும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. கதையில் அப்பா எங்கே என்று இன்னும் கேட்கவில்லை, கேட்டால் ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொல்வதாக உத்தேசம்.

இரண்டாவது தடவை நோட்டை மூடி வைத்துவிட்டேன். பேப்பரைப் பார்த்தால் தமிழ் வாக்கியம் கையைப் பிடித்து இழுக்கிறது. கதை மட்டும் மனசில் இருந்தால் இங்கிலீஷ் அதன் வழியில் வருகிறது. "இட் சீம்ஸ்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை "மை பாட்டி டோல்ட் மீ திஸ்" என்று வைத்துக்கொண்டேன். பனைமரத்துக்கு "எ டால், டால் ட்ரீ வித் லீவ்ஸ் லைக் பிக் ஃபேன்ஸ்". பெயரே சொல்லவில்லை. அவளே பிறகு அதற்கு "ஃபேன் ட்ரீ" என்று பெயர் வைத்துவிட்டாள்.

மழை இடத்தில்தான் எனக்கே ஓர் ஆச்சரியம். தமிழில் "நனைந்துபோன ஒரு மின்மினி" என்று தொடங்கி, வந்து, தொத்திக்கொண்டு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் "கேட்டதாம்" என்று இறக்கி வைக்கிறோம். இங்கிலீஷில் அதை ஒரே வாக்கியமாகச் சொன்னால் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது. உடைத்தேன். "சம்படி வாஸ் அட் த டோர். சம்படி வெட். சம்படி வெரி, வெரி ஸ்மால்." நிறுத்தினேன். அந்தப் பக்கம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கேட்டது. மின்மினி என்று முதலிலேயே சொல்லிவிடாததால் வந்த சுகம். தமிழிலும் இனி அப்படித்தான் சொல்லப் போகிறேன்: "வாசலில் யாரோ."

இன்னொரு தகராறு, "அது". நமக்குக் குருவியும் அது, மின்மினியும் அது, செல்லத்துக்குக் குழந்தையும் அதுதான். இங்கிலீஷில் "இட்" என்றால் நாற்காலியைச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. மின்மினி ஆணா பெண்ணா என்று அவளிடமே கேட்டேன். "ஷீ" என்று உத்தரவு. மினுக் மினுக்கை மட்டும் மாற்றவில்லை. "ட்விங்கிள்" எவ்வளவோ கேட்டிருப்பாள். "மினுக்" என்று சொல்லி அவள் ஒரு தடவை மூச்சு விடுகிற அளவு இடைவெளி விட்டு அடுத்த "மினுக்". வேகமாகச் சொன்னால் விழித்துக்கொள்கிறாள்.

படுக்கையில் ஸ்கிரீன் கூடாது என்பது மகள் வைத்த சட்டம். அதனால் போனைக் கவிழ்த்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், என் குரல் மட்டும் போகும். அவள் தூங்கிவிட்டாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் "ம்" கொட்டக் கற்றுக்கொடுத்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் "ம்" என்று கடமையாகக் கொட்டினாள். இப்போது நம்மைப்போலவே வாக்கிய முடிவில் மட்டும் வருகிறது. நாலு மினுக்கில் "ம்" தேய்கிறது. ஐந்தில் வராது. அதன்பிறகும் இரண்டு மினுக் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பேன். உடனே போனை வைத்தால் அந்த டொக்குச் சத்தத்தில் எழுந்துவிடுகிறாள், அனுபவம்.

கடைசியாக "போயிட்டு வாரேன்". முதலில் "குட்பை" என்றேன். "இஸ் ஷீ நெவர் கமிங் பேக்?" என்று குரல் உடைந்தது. "போறேன்" என்று சொன்னால் என் அம்மா அடிக்க வருவாளே, அது நினைவுக்கு வந்தது. இலக்கணம் பார்க்காமல் "ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன். அது பிடித்துப்போயிற்று. போன வாரம் பள்ளிக்கூட வாசலில் டீச்சரிடம் இதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மா "வேர் ஆர் யூ கோயிங் அண்ட் கமிங்?" என்று கேட்டாராம்.

உன்னிடம் ஒரு வேலை. குளத்தங்கரைப் பனைகளில் இந்த வருஷம் குருவி கூடு வைத்திருக்கிறதா பார். வைத்திருந்தால் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஓலையோடு சேர்த்து எடு, "ஃபேன் ட்ரீ" எப்படி இருக்கும் என்று அவள் பார்க்க வேண்டும். நீ போன தடவை அனுப்பினதில் பாதிப் படம் உன் கட்டைவிரல். காலைக் கவனித்துக்கொண்டு போ, கரையில் வழுக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்