கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

சேகர்,

மூன்று மாதமாக எழுதவில்லை, தப்பு என்னுடையதுதான். அம்மாவுக்கு முழங்கால் இப்போது தேவலை. மற்றதெல்லாம் அப்புறம்.

புது வாடகை ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடப் போகிறாய் என்பதால், நீ அனுப்பிய உன் சாப்பாட்டுக் கடையின் போன மாத லாப நட்டக் கணக்கை வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். "பிரைம் காஸ்ட் அறுபது விழுக்காட்டுக்குள்ளே" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். சாப்பாட்டுப் பொருளும் ஆள் செலவும் சேர்ந்தால் விற்பனையில் அறுபதைத் தாண்டக்கூடாது என்று உனக்குச் சொன்னதே நான்தான். ஆனால் நீ வகுத்த எண்ணே சரியில்லையடா.

விற்பனை 65,400 வெள்ளி என்று போட்டிருக்கிறாய். அதில் 5,400 ஜிஎஸ்டி, அது உன் பணமே இல்லை. உன் விற்பனை 60,000தான். பொருளுக்கு 22,000 போட்டது நீ வாங்கியது, சமைத்தது இல்லை. மாத ஆரம்பத்தில் 4,000 வெள்ளிச் சரக்கு இருந்தது, முடிவில் பின்கட்டில் அரிசி மூட்டை கூரை வரைக்கும், 6,000. அப்படியானால் செலவானது 20,000. இந்த ஒரு இடத்தில் கணக்கு உனக்குச் சாதகம்.

ஆள் செலவுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சம்பளம் 17,000 மட்டும் எழுதிவிட்டு, சிபிஎஃப் சேமநிதியும் வெளிநாட்டு ஆளுக்குக் கட்டும் லெவியுமாக 3,400ஐ "இதர செலவு" என்று கீழே தள்ளிவிட்டாய். உள்ளூர் ஆளுக்கு சிபிஎஃப்பில் முதலாளி பங்கே 17 விழுக்காடு, அது இதரமா? அதோடு தங்கச்சி காலையிலிருந்து ராத்திரி வரை கல்லாவில் நிற்கிறாள், அவளுக்கு ஒரு வெள்ளிகூட எழுதவில்லை. அவள் இடத்தில் ஒரு ஆளை வைத்தால் குறைந்தது 2,600 ஆகும். மொத்தம் 23,000. பொருளையும் சேர்த்தால் 43,000, கிட்டத்தட்ட 72 விழுக்காடு.

வாடகை 9,000, அதாவது 15 விழுக்காடு. பத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள், சிராங்கூன் பக்கம் அது எங்கே கிடைக்கிறது, போகட்டும். கரண்ட், கேஸ், டெலிவரி கமிஷன், ரிப்பேர் எல்லாம் 6,500. கடைசியில் கையில் நிற்பது 1,500. வீட்டுக்காரர் புது ஒப்பந்தத்தில் ஏற்றிக் கேட்பதும் அதே 1,500!

10,500 வாடகை மறுபடி 15 விழுக்காடாக இருக்க விற்பனை 70,000 ஆக வேண்டும். நீ மாதம் 26 நாள் திறக்கிறாய், ஆளுக்குச் சராசரி 11 வெள்ளி பில், அப்படியென்றால் தினமும் 35 பேர் கூடுதலாக வர வேண்டும். மத்தியானம்தான் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்களே, அதனால் அந்த 35 பேரும் இரவில்தான் வர வேண்டும். வருவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

வாடகையைக் கையெழுத்துக்கு அப்புறம் தொடமுடியாது, ஆள் செலவை அடுத்த வாரமே தொடலாம். போன தடவை நான் வந்தபோது மூன்றிலிருந்து ஆறு வரை நாலு பேர் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரே ஒரு மேசையில்தான் ஆள். அதில் இரண்டு பேரை அந்த நேரத்தில் அனுப்பி இரவுக்கு வரச் சொன்னால், இரவு மட்டும் எடுக்கும் பகுதிநேர ஆட்கள் வேண்டியிருக்காது.

ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். பில் மெஷினில் மணிவாரியாக விற்பனையை நாலு வாரத்துக்கு எடுத்து வை. அதுவரை அந்த ஒப்பந்தத்தில் பேனா வைக்காதே.

உன்
ரவி