மாமாவுக்கு ஒரு கடிதம்: முதுகுக்கு வைத்தியம் பாத்தும் தொடை இடுக்கு வலி ஏன் போகல

அன்புள்ள மாமா,

நீங்க அனுப்புன எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட முழுசா படிச்சேன். கீழ் முதுகுல எல்4 எல்5ங்கிற ரெண்டு எலும்புக்கும் நடுவுல டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் பிதுங்கி இருக்கு, நரம்ப லேசா அமுக்குதுன்னு போட்டிருக்கு. அத வச்சுத்தான் பெல்ட்டு, ட்ராக்ஷன், நரம்பு மாத்திரைன்னு இவ்ளோ நாளா ஓடிட்டிருக்கீங்க, ஆனா வலி இருந்த இடத்துல அப்படியே இருக்குன்னு அத்தை சொல்றாங்க. பிசியோதெரபிஸ்டா தினமும் இந்த வலியோட வர்றவங்கள பாக்குறவ நான். எனக்கு தோணுறத நேராவே சொல்லிடுறேன், உங்க வலி முதுகெலும்புலேர்ந்து வரல, வலது பக்க இடுப்பு மூட்டுலேர்ந்து வருது. ஏன் அப்படி சொல்றேன்னு பொறுமையா எழுதுறேன், உங்கள மாதிரியே 60 வயச தாண்டுன நிறைய பேர் முதுகுக்கு வைத்தியம் பாத்துட்டு இருக்காங்க, அவங்களும் படிக்கட்டும்னுதான் பொதுவுல எழுதுறேன்.

வலி எங்கன்னு நான் கேட்டப்போ நீங்க வாயால சொன்னது இடுப்பு வலின்னு. ஆனா தொட்டு காட்டுங்கன்னதும் கட்டைவிரல பின்னாடி புட்டத்துல வச்சு, மிச்ச விரல முன்னாடி தொடை இடுக்குல வச்சு, இடுப்போட பக்கத்த ஒரு பிடியா பிடிச்சு காட்டுனீங்க. மூட்டுக்காரங்க நிறைய பேர் இப்படித்தான் காட்டுவாங்க. இடுப்பு மூட்டுங்கிறது நாம கை வைக்கிற அந்த பக்கத்து எலும்புல இல்ல மாமா, அது ரொம்ப உள்ள, தொடை இடுக்கோட நடுப்பகுதிக்கு நேர் பின்னாடி இருக்கு. அதனால அது தேய்ஞ்சா வலி முதல்ல தொடை இடுக்குலதான் தெரியும், அப்புறம் தொடை முன்பக்கமா இறங்கி முழங்கால் வரைக்கும் வரும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் சில நரம்புங்க பொதுவா போறதால, சிலருக்கு முழங்கால் மட்டும்தான் வலிக்கும், முழங்கால எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லன்னு அனுப்பிடுவாங்க. உங்களுக்கும் முழங்காலுக்கு மேல வரைக்கும் வந்து நின்னுடுதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு கீழ போகல.

இப்ப ரிப்போர்ட்ல இருக்கிற டிஸ்க்க எடுத்துக்கோங்க. எல்4 எல்5 டிஸ்க் பிதுங்குனா பெரும்பாலும் எல்5 நரம்புதான் மாட்டும். அது மாட்டுனா வலி புட்டத்துலேர்ந்து தொடை பின்பக்கம், கெண்டைக்கால் வெளிப்பக்கம் வழியா இறங்கி பாதத்து மேல, பெருவிரல் வரைக்கும் சுரீர்னு போகும், அந்த வழியில மரத்துப்போன மாதிரியோ எறும்பு ஊர்ற மாதிரியோ இருக்கும், பெருவிரல மேல தூக்குற பலம் குறையும், இருமுனா தும்முனா கூட கால்ல இழுக்கும். உங்களுக்கு இதுல ஒண்ணு கூட இல்ல. பாதத்துல மதமதப்பு இல்ல, குதிகால ஊனி நடக்க சொன்னா நல்லா நடந்தீங்க, அத்தை உங்க கால நேரா நீட்டி மேல தூக்குனப்போ முழங்காலுக்கு கீழ எதுவும் இழுக்கல. ஸ்கேன்ல பிதுங்குனது ஒரு இடம், உங்களுக்கு வலிக்கிறது இன்னொரு இடம், ரெண்டும் பொருந்தவே இல்ல.

அப்ப அந்த பல்ஜ் பொய்யான்னு கேப்பீங்க. பொய் இல்ல, நெசமாவே இருக்கு, ஆனா அது இருக்கிறதாலயே வலிக்கு அதுதான் காரணம்னு ஆகாது. முதுகு வலியே இல்லாத ஆளுங்கள ஸ்கேன் பண்ணி பாத்த ஆராய்ச்சிங்க நிறைய இருக்கு, எல்லாத்தையும் 2015ல சேத்து வச்சு கணக்கு போட்டாங்க, 60 வயசுக்காரங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 70 பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு, வலி ஒண்ணும் இல்லாமலே. தலை நரைக்கிற மாதிரி அது வயசோட வர்றது. அதனால 60 வயசுல யாரு முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தாலும் ஏதாவது ஒண்ணு கண்டிப்பா எழுதி வரும், எழுதி வந்ததும் எல்லாரும் அத பிடிச்சுக்குவாங்க, கால மடக்கி திருப்பி பாக்குற ரெண்டு நிமிஷ வேலை நடக்காமலே போயிடும். எனக்கு ஆதங்கமே அங்கதான்.

எந்தெந்த வேலை பண்ணும்போது வலிக்குதுங்கிறது ஸ்கேன விட பெரிய துப்பு. நீங்களே சொன்னீங்க, சம்மணம் போட்டு உக்கார முடியல, வலது கால் மட்டும் தரைக்கு வராம மேலயே நிக்குது, கால் நகம் வெட்ட குனிஞ்சா எட்டல, பைக்ல கால தூக்கி போடுறப்ப தொடை இடுக்குல பிடிக்குது, கார்லேர்ந்து இறங்குறப்ப முதல் நாலு எட்டு நொண்டி நொண்டி வச்சு அப்புறம் கொஞ்சம் சரியாகுது, காலைல எந்திரிச்சதும் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் விறைப்பா இருக்குன்னு. இது எல்லாமே மூட்டு திரும்ப வேண்டிய அளவுக்கு திரும்பாததால வர்ற கஷ்டம். வயசானவங்களுக்கு நரம்பு போற பாதை சுருங்கி வர்ற முதுகு பிரச்சனை வேற மாதிரி இருக்கும், நின்னா, கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு காலும் கனத்து மரத்து போகும், எங்கயாவது உக்காந்தாலோ முன்னாடி குனிஞ்சாலோ சட்டுனு விட்டுடும், சைக்கிள் மிதிக்கிறதுல பிரச்சனையே இருக்காது. உங்களுக்கு நேர் எதிரா, உக்காந்து எந்திரிக்கிறப்பத்தான் வலியே.

அன்னிக்கு வீடியோ கால்ல பண்ணி பாத்தோமே, அத ஏன் பண்ண சொன்னேன்னு இப்ப சொல்றேன். கட்டில் ஓரத்துல உக்காந்து கால தொங்க விட்டு, ரெண்டு முழங்காலையும் சேத்து வச்சுக்கிட்டு, முழங்கால் நகராம பாதத்த மட்டும் வெளிப்பக்கமா கொண்டு போங்கன்னேன். பாதம் வெளிய போறப்ப தொடை எலும்பு மூட்டுக்குள்ள உள்பக்கமா திரும்புது. தேய்மானத்துல பெரும்பாலும் முதல்ல குறையுறது இந்த திருப்பம்தான். நல்ல மூட்டு சுமார் 30 டிகிரி, சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். உங்க இடது கால் தாராளமா போச்சு, வலது கால் 10 டிகிரி கூட போகாம நின்னுடுச்சு, இன்னும் கொஞ்சம்னு சொன்னதும் மூட்டு திரும்பாததால வலது புட்டத்த கட்டில்லேர்ந்து தூக்குனீங்க, முகத்த சுளிச்சீங்க, இதே வலிதான்மா இதே வலிதான்னீங்க. அந்த 'இதே வலிதான்'ங்கிறது ரொம்ப முக்கியம் மாமா. மூட்ட திருப்புனா உங்களோட பழைய வலி அப்படியே வருது, முதுக குனிஞ்சு நிமிந்தா அந்த வலி வரல.

இதுல ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். முதுகுலயே மேல இருக்கிற எல்2 எல்3 நரம்பு மாட்டுனா அதுவும் தொடை இடுக்குலயும் தொடை முன்பக்கமும்தான் வலிக்கும், அங்கதான் அனுபவசாலிங்களே குழம்புவாங்க. ஆனா அதுல மூட்டு நல்லா திரும்பும், குப்புற படுத்து முழங்கால மடக்குனா தொடை முன்பக்கம் இழுத்து வலிக்கும், படி ஏறுறப்ப முழங்கால் மடிஞ்சு விட்டுடற மாதிரி இருக்கும். இன்னொரு விஷயம், முதுகும் மூட்டும் ரெண்டுமே சேந்து கெட்டுப்போறதும் உண்டு, 1983லேயே டாக்டருங்க இத இடுப்பு முதுகு சிண்ட்ரோம்னு பேரு வச்சு எழுதிட்டாங்க. மூட்டு விறைச்சா நடக்கிறப்ப அந்த வேலைய முதுகு எடுத்து பண்ணும், அதனால முதுகும் வலிக்க ஆரம்பிக்கும். உங்களுக்கு சாயங்காலம் லேசா முதுகு வலிக்கிறது அப்படி வர்றதா இருக்கலாம்.

இப்ப பண்ண வேண்டியது ஒரு சாதாரண எக்ஸ்ரே. இடுப்பெலும்பு முழுசும் ரெண்டு மூட்டோட முன்பக்கத்துலேர்ந்து ஒரே படத்துல வரணும்னு கேளுங்க, நிக்க வச்சு எடுத்தா இன்னும் நல்லது. முதுகு எக்ஸ்ரேல இந்த மூட்டு பெரும்பாலும் வரவே வராது, வந்தாலும் ஓரத்துல அரைகுறையா வரும். ரெண்டு மூட்டும் ஒரே படத்துல இருந்தா தொடை எலும்போட பந்து மாதிரி தலைக்கும் அது உக்கார்ற கிண்ணத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி வலதுல குறைஞ்சிருக்கா, ஓரத்துல எலும்பு வளந்திருக்கான்னு இடதோட ஒப்பிட்டு பாக்கலாம். எக்ஸ்ரேவும் கடவுள் வாக்கு இல்ல, தேய்மானம் தெரிஞ்சும் வலியே இல்லாதவங்க இருக்காங்க, அதனால படமும் கால திருப்பி பாத்ததும் ஒத்துப்போகணும். ரெண்டும் சேந்தும் சந்தேகமா இருந்தா ஒரு வழி இருக்கு, ஸ்கேன் பாத்துக்கிட்டே மூட்டுக்குள்ள மரத்துப்போற மருந்த ஊசியா போடுவாங்க, போட்டதும் எந்திரிச்சு நடந்து, படி ஏறி, எதெல்லாம் வலிச்சுச்சோ அதெல்லாம் பண்ணி பாக்கணும். அந்த சில மணி நேரத்துக்கு வலி பெருமளவு காணாம போச்சுன்னா வலி மூட்டுலேர்ந்துதான் வருது.

ஒருவேளை எக்ஸ்ரே நார்மலா வந்து, மூட்டு மட்டும் திரும்பலன்னா அப்படியே விட்டுடாதீங்க, அப்ப மூட்டுக்கு எம்ஆர்ஐ எடுக்கணும். பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துப்போற நோய் ஒண்ணு இருக்கு, ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, ஸ்டீராய்டு மாத்திரை நிறைய எடுத்தவங்களுக்கும் குடி அதிகமா இருக்கிறவங்களுக்கும் வரும். கொரோனா சமயத்துல ஆஸ்பத்திரில ஸ்டீராய்டு போட்டாங்கல்ல, அத மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. இருமுறப்ப தொடை இடுக்குல புடைச்சா அது குடலிறக்கமா இருக்கலாம், அதையும் காட்டுங்க. விழுந்ததுக்கு அப்புறம் கால ஊனவே முடியல, காய்ச்சலோட வலி, இல்ல ஒன்னுக்கு வராம உக்கார்ற இடம் மரத்து போகுதுன்னா காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

அதுவரைக்கும் தரையில உக்கார்றத விட்டுடுங்க, வெஸ்டர்ன் டாய்லெட்ட பயன்படுத்துங்க, வலிக்கிற அளவுக்கு கால அகட்டி நீவி விடுற ஆளுங்ககிட்ட போகாதீங்க. வலி மாத்திரைய தினமும் போட்டுக்காதீங்க, உங்களுக்கு பிரஷர் இருக்கு, கிட்னிக்கும் ஆகாது, வேணும்னா டாக்டர கேட்டுட்டு போடுங்க. நடக்கிறப்ப கம்ப இடது கையில பிடிங்க. வலது கால்தானே வலிக்குது, வலது கையிலதானே பிடிக்கணும்னு அத்தை சண்டை போட்டாங்களாம், இல்ல. ஒத்த கால்ல நிக்கிறப்ப உடம்பு மறுபக்கம் சாயாம இருக்க இடுப்போட பக்கத்து தசை இறுக்கி பிடிக்கும், அந்த இறுக்கம்தான் மூட்டு மேல விழுற பாரத்துல பெரிய பங்கு, எதிர் கையில கம்பு ஊனுனா அந்த தசையோட வேலை குறையும். வலது கால் முன்னாடி போறப்பவே கம்பும் முன்னாடி போகணும்.

படத்துல தேய்மானம்னு வந்தாலும் உடனே ஆபரேஷன்னு பயப்படாதீங்க, பக்கத்து தசைய பலப்படுத்துற பயிற்சி நான் சொல்லி தர்றேன், நிறைய பேர் அதுலயே வருஷக்கணக்கா சமாளிக்கிறாங்க. ராத்திரி தூக்கம் கெடுது, தெருமுனை வரைக்கும் நடக்க முடியலங்கிற நிலைமை வர்றப்பதான் மூட்டு மாத்துறத பத்தி பேசணும். டாக்டர்கிட்ட போறப்ப தொளதொளன்னு ஒரு ட்ராயர் போட்டுட்டு போங்க, படுக்க வச்சு கால மடக்கி திருப்பி பாக்க வசதியா இருக்கும். அவரு பாக்கலன்னா நீங்களே கேளுங்க மாமா, தப்பில்ல.

அன்புடன்,
உங்க மருமக