எண்ணாயிரம் முகவரிகள், அஞ்சல் போய்ச் சேர ஒன்றுகூட இல்லை

ஐபி முகவரித் தொகுதி ஒன்றைத் தம் பெயரில் வைத்திருக்கும் இணையச் சேவை நிறுவனத்தின் வலைப்பின்னல் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை; எந்தத் தொகுதி என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் சிறு பதிப்பகத்தின் சர்வரில் இரவெல்லாம் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவர்கள் அதிலிருந்துதான் வருகிறார்கள்.

அந்த முகவரிகளுக்கு உரியவர் யார் என்று, ஐபி முகவரிகளுக்கான ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக்கின் ஏட்டில் தேடினேன். உங்கள் முகவரிக்குப் பதிலாக, எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒன்றை இங்கே இட்டிருக்கிறேன்:

```
whois -h whois.apnic.net 203.0.113.45
```

`inetnum` வரியில் 8,192 முகவரிகள் கொண்ட தொகுதியும் அதன் கீழே உங்கள் நிறுவனமும் இருந்தன. `mnt-irt` வரி, முறைகேட்டுப் புகார்களைப் பெறும் குழுவின் பதிவைக் காட்டியது. அதிலிருந்த `abuse-mailbox` முகவரிக்கு நேரக் குறிப்புகளோடு எழுதினேன். அப்படி ஓர் அஞ்சல்பெட்டியே இல்லை என்று `550 5.1.1` பிழையுடன் திரும்பிவந்தது. பதிவகத்துக்கு இது புதிய செய்தி அல்ல. அதே பதிவின் `remarks` வரியில், அந்த முகவரி `is invalid` என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் அனுப்பும் சரிபார்ப்பு அஞ்சலுக்கும் உங்களிடமிருந்து பதில் போகவில்லை.

தாக்குபவர் ஒரே முகவரியில் நிற்பதில்லை. தொகுதிக்குள் எந்தப் பகுதி எந்த வாடிக்கையாளருக்குத் தரப்பட்டது என்பதும் பொது ஏட்டில் இல்லை. அதை வெளியிடாமல் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் விவரம் உங்களிடம் மட்டும் இருக்கும்போது, உங்களை எட்டும் வழியும் அடைபட்டிருந்தால் நான் என்ன செய்வது? 8,192 முகவரிகளையும் மொத்தமாகத் தடுத்தேன். மறுநாளே, புத்தகம் வாங்கப் பக்கம் திறக்கவில்லை என்று வாசகர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களும் உங்கள் சந்தாதாரர்கள்தாம். மாதக் கட்டணத்தைத் தவறாமல் கட்டிவிட்டு, யாரோ செய்த வேலைக்காக வாசலில் நிற்கிறார்கள்.

வாடிக்கையாளரின் பெயரை நான் கேட்கவில்லை. புகார் போய்ச் சேரும் ஓர் அஞ்சல்பெட்டியைத்தான் கேட்கிறேன். பதிவகத்திடம் முறையிடுங்கள் என்பீர்கள். அவர்கள் ஏடு காப்பவர்கள். உங்கள் வாடிக்கையாளரின் இணைப்பைத் துண்டிக்க அவர்களால் முடியாது. உங்களால் முடியும். வேகமான திட்டத்துக்கு மாறச் சொல்லி உணவு வேளையில் தவறாமல் அழைக்கும் உங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஒருபோதும் தொலையாத தொடர்பு எண், புகார்ப் பிரிவுக்கு மட்டும் எப்படித் தொலைகிறது? விற்பனைப் பிரிவிடமே புகார் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

பொறுத்தருளுங்கள். வேண்டுகோள் இதுதான்: அந்த அஞ்சல்பெட்டியை உயிர்ப்பியுங்கள், அல்லது இயங்கும் வேறொன்றைப் பதிவில் சேருங்கள், பதிவகத்தின் சரிபார்ப்பை முடியுங்கள், வரும் அஞ்சலை ஒரு மனிதர் படிக்கட்டும். `is invalid` என்ற குறிப்பு நீங்கிய அன்றே நேரக் குறிப்புகளை மீண்டும் அனுப்புகிறேன். குற்றவாளியின் இணைப்பை நீங்கள் நிறுத்தியதும் எங்கள் தடையும் விலகும்.

தங்கள் உண்மையுள்ள,
சர்வர் பராமரிப்பாளர், ஒரு சிறு பதிப்பகம்