அகராதியைத் திறவாதவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அலுவலக ஆங்கிலப் பகுதியில், அப்டேஷன், அப்கிரடேஷன், இன்டிமேஷன் என்றெல்லாம் மின்னஞ்சலில் எழுதுவோர் அகராதியைத் திறந்தே பாராதவர்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடிதப் பிரிவில் இருப்பவன் என்பதால் அதை எனக்கே எழுதியதாக எடுத்துக்கொண்டேன்.

அப்டேஷன் பிழைதான். கிரியேட் என்பது கிரியேஷன் ஆவதைப் பார்த்து நாங்கள் உண்டாக்கிய சொல் அது. அப்டேட்டின் உள்ளே இருப்பது டேட் என்னும் தனிச்சொல் என்பது தாங்கள் அறியாததன்று. ஆனால் ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகளிலேயே அப்டேஷன் என்றுதான் அச்சாகியிருக்கிறது. திட்டு மட்டும் குமாஸ்தாவுக்கு.

தங்கள் கட்டுரையைப் படித்த எங்கள் மேலாளர், அப்டேஷனுக்கு அப்டேட், இன்டிமேஷனுக்கு நோட்டீஸ் என்று எல்லா மின்னஞ்சல் மாதிரிகளிலும் ஒரே மூச்சில் மாற்றச் சொன்னார். ‘ஆஃப்டர் அப்டேஷன் ஆஃப் அட்ரஸ்’ என்பது ‘ஆஃப்டர் அப்டேட் ஆஃப் அட்ரஸ்’ ஆயிற்று. முன்பு சொல் தவறு, இப்போது தொடரே நொண்டுகிறது. பெயர்ச்சொல்லை விட்டு வினைக்கு வந்து, ‘ஆஃப்டர் யூ அப்டேட் யுவர் அட்ரஸ்’ என்று எழுதினால்தான் மாற்ற வேண்டியவர் யார் என்பதும் தெரியும். அதைச் சொல்லத் தங்கள் பகுதியில் இடமில்லை, கேலிக்கு இருந்தது.

இன்டிமேஷன் செய்த வேலை இதைவிடப் பெரிது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 143(1) பிரிவின்கீழ், தாக்கல் செய்த கணக்கைச் சரிபார்த்தபின் துறையிலிருந்து வருவதன் பெயரே இன்டிமேஷன். நோட்டீஸ் என்பது 143(2)-இன்கீழ், கணக்கை ஆய்வுக்கு எடுக்கும்போது வருவது. எங்கள் மாதிரியில் 143(1) நோட்டீஸ் என்று மாறிப்போனதைப் படித்த ஊழியர் ஒருவர், ஆய்வுக்கு அழைத்துவிட்டார்கள் என்று நடுங்கி அன்றைக்கே ஆடிட்டரிடம் ஓடினார். அவருக்கு நான்தான் பதில் சொன்னேன்.

அந்தச் சொல் எல்லா இடத்திலும் சரி என்று வாதாடவும் நான் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விலை உயர்வு பற்றி இன்டிமேஷன் என்று தலைப்பிட்டு அனுப்பியபோது, இது முடிவா, வெறும் குறிப்புணர்த்தலா என்று அவர் கேட்டெழுதினார். அங்கே நோட்டீஸ் என்றிருக்க வேண்டும். அதை விளக்கித் தங்களுக்கு அப்போதே எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது. அந்த இரண்டு வரியிலும் என் பெயரில் பிழை இருந்தது.

அப்கிரடேஷனைச் சில அகராதிகள் இந்திய வழக்கு என்று குறித்துச் சேர்த்திருக்கின்றன, திறந்துதான் பார்த்தேன்.

அடுத்த இதழில் ஒரு மூலையில், 143(1) இன்டிமேஷனை மாற்ற வேண்டாம் என்று மட்டும் அச்சிட்டால் போதும். மேலாளரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கடிதப் பிரிவு ஊழியர் ஒருவர்