புரட்டாசிச் சனிக்கிழமை விருந்து: ஓர் இலைக்கு 30 ராண்ட், கணக்கோடு ஒரு வேண்டுகோள்

அன்பர்களுக்கு வணக்கம்.

வருகிற புரட்டாசியில் நான்கு சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு போட எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. பெருமாளுக்குப் படைத்த பிறகு, சாட்ஸ்வொர்த் பகுதியில் தனியாக வசிக்கும் பெரியவர்கள் ஐம்பது பேர் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சமையல் வெளியில் கொடுக்கவில்லை. உறுப்பினர் ஒருவரின் வீட்டு அடுப்பில்தான். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், உருளைக்கிழங்கு கறி, கடலைப்பருப்பு வடை, அப்பளம், ஊறுகாய், சேமியா பாயசம். ஒரு வாரத்துக்கு 1,500 ராண்ட், நான்கு வாரத்துக்கு 6,000 ராண்ட் தேவை.

இலைக்கு 30 ராண்ட் என்றதும், வீட்டில் சமைப்பதற்கு இருபதே போதுமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மளிகையையும் காய்கறியையும் மட்டும் பார்த்தால் கணக்கு இருபதில்தான் நிற்கிறது. மீதிப் பத்து ராண்ட் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விவரம்.

முதலில் தலை எண்ணிக்கை. விருந்தினர் ஐம்பது, ஆனால் காலையிலிருந்து அடுப்படியிலும் பந்தியிலும் நிற்கிற ஆறு பேருக்கும் சாப்பாடு வேண்டும். ஆகவே உலை வைப்பது 56 பேருக்கு. அதற்குமேல் கூடுதல் எதுவும் சேர்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அரிசிக்குக் கொஞ்சம், பருப்புக்குக் கொஞ்சம், காய்க்குக் கொஞ்சம் என்று ஒவ்வொருவரும் அள்ளிப் போடுவதால்தான் வீட்டு விருந்துகளில் ஒரு குண்டான் சோறு மிஞ்சுகிறது.

இத்தனை தொட்டுக்கொள்ள இருக்கும்போது ஆளுக்கு 110 கிராம் அரிசி சரியாக இருக்கும். 56 பேருக்கு ஏறக்குறைய 6 கிலோ. இங்கே எல்லாரும் வாங்குகிற நீள மணிப் புழுங்கல் அரிசி வெந்தால் இரண்டரை மடங்குக்கு மேல் எடை கூடும்; இலைக்கு முந்நூறு கிராம் அளவில் சோறு விழும். இந்த 6 கிலோவை ஒரே பானையில் போடக் கூடாது. மேலே உள்ள சோற்றின் பாரம் அடியை அழுத்தும். அடியில் குழையும், மேலே நறுக்கரிசியாக நிற்கும். மூன்று கிலோவாக இரண்டு உலை, ஒவ்வொன்றுக்கும் 20 லிட்டருக்குக் குறையாத பானை, கஞ்சி வடித்து இறக்குவது என்று வைத்திருக்கிறோம். இரண்டாவது உலையை அரை மணி நேரம் தள்ளி ஏற்றினால் கடைசிப் பந்திக்கும் சோறு சூடாக இருக்கும்.

சாம்பாரில்தான் பலரும் தடுமாறுவார்கள். ஆளுக்கு 150 மில்லி என்றால் எட்டரை லிட்டர். துவரம்பருப்பு ஆளுக்கு 25 கிராம் வீதம் 1.4 கிலோ. நாலு பேர் சாம்பாரின் அளவை அப்படியே பதினாலால் பெருக்கினால் பருப்பும் காயும் சரியாக வரும், தண்ணீர் சரியாக வராது. சின்னப் பாத்திரத்தில் கொதிக்கும்போது நிறைய ஆவியாகிவிடும். பெரிய பானையில் கொள்ளளவைப் பார்க்க மேல்பரப்பு குறைவு. அதே நேரம் கொதித்தாலும் அவ்வளவு வற்றாது. பெருக்கிய கணக்கில் தண்ணீர் ஊற்றினால் ரசம் போல ஓடும். பிறகு அதைக் கெட்டியாக்க இன்னொரு கிலோ பருப்பு வேக வைக்க வேண்டும், ஐம்பது ராண்ட் கூடும். அதனால் ஒன்றரை லிட்டர் வெந்நீரைத் தனியே வைத்துக்கொண்டு கடைசியில் பதம் பார்த்துச் சேர்ப்போம். உப்பும் அப்படித்தான்: முதலில் 60 கிராம், இறக்குமுன் ருசி பார்த்து மீதி. கரண்டியை எடுத்துச் சாய்த்தால் அதன் முதுகில் பருப்பு மெல்லிய படலமாக ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் சோற்றில் நிற்கும் பதம்.

காய்கறியைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். இலையில் 65 கிராம் பொரியல் விழ வேண்டும் என்றால் 56 பேருக்கு 3.6 கிலோ. முட்டைக்கோஸ் வதங்கும்போது ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆக நறுக்கியது நாலரை கிலோ வேண்டும். மேல் இலையும் தண்டும் கழிந்து இன்னும் ஐந்தில் ஒரு பங்கு போகும், ஆக வாங்க வேண்டியது 5.7 கிலோ. இலையில் விழுகிற 3.6 கிலோவையே சந்தையில் கேட்டு வாங்கி வந்தால் பந்தி பாதியில் பொரியல் தீரும்.

இப்போது பணம். சந்தையிலும் கடையிலும் நாங்கள் விசாரித்த விலையில் அரிசி, பருப்பு வகைக்கு 257 ராண்ட், காய்கறிக்கு 334, எண்ணெய்க்கு 140, பாயசத்துக்கு 167, புளி, மசாலா, தேங்காய், கறிவேப்பிலை, அப்பளம், ஊறுகாய்க்கு 232. மொத்தம் 1,130. இதை 56-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த இருபது ராண்ட். உருளைக்கிழங்கு பத்து கிலோ மூட்டையாகத்தான் மலிவு. பாதியை மட்டும் இந்த வாரக் கணக்கில் வைத்திருக்கிறோம், மீதி அடுத்த சனிக்கிழமைக்கு. வடை சுட்ட எண்ணெயை அப்படிப் பிரிக்கவில்லை. பெரியவர்களுக்குப் போடும் சாப்பாட்டில் சுட்ட எண்ணெயைத் திரும்ப ஏற்ற மாட்டோம், அதனால் முழு விலையும் அன்றைக்கே செலவு.

இதற்குமேல் எரிவாயு ஒன்பது கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு, 105 ராண்ட். தட்டு, குவளை, கைதுடைக்கும் தாள் 155. சோப்பு, குப்பைப் பை, ஐஸ் 40. வாரத்துக்கு வாரம் தக்காளி, வெங்காய விலை ஏறி இறங்குவதற்காக 70. ஆக 1,500. உதவிக்கு நிற்பவர்கள் காசு தருவதில்லை. எனவே வகுப்பது ஐம்பதால். முப்பது ராண்ட் அப்படி வந்ததுதான். கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வாட் வரி ஏற்கெனவே அடக்கம். 15 சதவீதத்தை நாங்கள் மேலே சேர்க்கவில்லை. அரிசி, பருப்பு, காய்கறி, பால், சமையல் எண்ணெய்க்கு இங்கே வரியும் பூஜ்யம்தான்.

பத்து இலைக்கு 300 ராண்ட் கொடுக்கலாம்; குடும்பமாகச் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முழுவதையும் 1,500-க்கு ஏற்கலாம்; ஓர் இலைக்கு முப்பது என்றாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். பொருளாகத் தர விரும்புகிறவர்கள் பருப்பு, எண்ணெய், சர்க்கரை தரலாம். அரிசி தருவதானால் எங்களைக் கேட்டுவிட்டு, நாங்கள் சொல்லும் அதே ரகத்தில் வாங்குங்கள். இரண்டு ரகம் ஒரே உலையில் விழுந்தால் ஒன்று வேகுமுன் மற்றது குழைந்துவிடும். காய்கறியைப் பொருளாக வேண்டாம். புதன்கிழமை வருகிற முட்டைக்கோஸ் சனிக்கிழமை வாடிக் கழிவு கூடும். 20 லிட்டருக்கு மேற்பட்ட பானை இருப்பவர்கள் நான்கு சனிக்கிழமைக்கு இரவல் கொடுத்தால் வாடகை மிச்சம்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போகிறோம். அந்தந்த வாரத்துக்கான பணம் புதன்கிழமை மாலைக்குள் பொருளாளரிடம் சேர வேண்டும். ரசீது உடனே தருவார். சாப்பிட வருகிறவர்களின் எண்ணிக்கையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நான்கு பேர் கூடினால் அரை கிலோ அரிசி கூட்டுவது வியாழக்கிழமை எளிது, சனிக்கிழமை பதினொரு மணிக்கு முடியாது. ஒவ்வொரு வாரக் கடை ரசீதும் மறு வாரம் பந்தி நடக்கும் இடத்தில் ஒட்டப்படும். விலை இறங்கி மிஞ்சுகிற தொகை அடுத்த வாரக் கணக்கில் வரவு வைக்கப்படும். நான்காம் வாரமும் மிஞ்சினால், அதைப் பாயசத்தில் முந்திரி கூட்டச் செலவிடாமல், அந்த ஐம்பது பேர் வீட்டுக்கு எடுத்துப்போக ஆளுக்கொரு பருப்புப் பொட்டலமாகக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம்.

அன்புடன்,
புரட்டாசி விருந்துக் குழுவினர்
சாட்ஸ்வொர்த், டர்பன்